வயிற்றைத் தாண்டாத மாத்திரை

கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான வீடுகளில் விடியுமுன்பே விளக்கு எரிகிறது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபின், பிழைப்புக்கு பெங்களூர்தான் என்றாகிவிட்டது. மாரிகுப்பத்தில் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் போய், வேலை முடிந்து இரவில் திரும்புகிறார்கள். பாதித் தூக்கம், வெறும் வயிற்றில் ஒரு டீ, நெரிசல், ஜன்னல் வழியே கண்ணைக் குத்தும் காலை வெயில். ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு இவற்றில் ஒன்றே போதும். இங்கே நான்கும் தினமும் சேர்ந்து வருகின்றன.

ஒற்றைத் தலைவலி என்று நாம் சொல்லும் மைக்ரேன் இந்தப் பகுதியில் அரிய நோய் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, பெங்களூர் நகரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 18 முதல் 65 வயதுக்குட்பட்டவர்களில் 25.2 சதவீதம் பேருக்கு முந்தைய ஓராண்டில் மைக்ரேன் இருந்திருக்கிறது. நான்கில் ஒருவர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். தங்கவயல் ரயிலில் எதிரெதிர் இருக்கைகளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், அவர்களில் இரண்டு பேருக்கு இது தெரிந்த வலியாக இருக்கலாம்.

அவர்களிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "போட்டுப் பார்த்தாச்சு, எனக்குக் கேக்காது." அந்தப் பதிலை நம்பி அடுத்த மாத்திரைக்கும், அதைவிட வீரியமானதற்கும், பிறகு ஊசிக்கும் தாவுகிறவர்கள் அதிகம். ஆனால் பல நேரங்களில் மாத்திரை தோற்பதில்லை. அது இன்னும் வயிற்றிலேயே கிடக்கிறது.

விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது என்பதிலிருந்து பார்ப்போம். அது இரைப்பையில் விழுந்து ஊறி உடைய வேண்டும். உடைந்த துகள்கள் கரைய வேண்டும். கரைந்தது இரைப்பையின் கீழ்வாயைக் கடந்து சிறுகுடலுக்குள் இறங்க வேண்டும். இரைப்பைச் சுவர் வழியாகவும் கொஞ்சம் மருந்து ரத்தத்தில் சேரும் என்றாலும், உறிஞ்சும் பரப்பு அங்கே மிகக் குறைவு. மடிப்பு மடிப்பாக விரிந்த சிறுகுடல்தான் மருந்தை வாரி எடுத்துக்கொள்கிறது. ஆகவே எத்தனை மில்லிகிராம் விழுங்கினோம் என்பதோடு, அது எப்போது சிறுகுடலை எட்டியது என்பதையும் கேட்க வேண்டும்.

மைக்ரேன் தலையில் மட்டும் நடப்பதில்லை. வலியோடு குமட்டல் வருகிறது, சாப்பாட்டின் வாசனையே பிடிக்காமல் போகிறது, காலையில் தின்றது மாலை வாந்தியில் அப்படியே வருகிறது. தாக்குதலின்போது பலருக்கு இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடுவதன் அடையாளங்கள் இவை. கீழ்வாய் திறந்து உள்ளிருப்பதைத் தள்ளும் வேலை தடைப்படுகிறது. பிளாட்பாரம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், சிக்னல் கிடைக்காமல் அவுட்டரில் நிற்கும் ரயிலைப் போல, மாத்திரை சிறுகுடலின் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல. லண்டனில் கிளின் வோலன்ஸ் என்ற மருத்துவர், மைக்ரேன் தாக்குதலில் இருந்தவர்களுக்கு நீரில் பொங்கிக் கரையும் ஆஸ்பிரினைக் கொடுத்து, ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும் வேகத்தை அளந்தார். 1974-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்த முடிவு வெளிவந்தது. வலி இல்லாத நாளில் சட்டென்று ஏறும் அதே மருந்து, தாக்குதலின்போது பலருக்கு மெதுவாகவே ஏறியது. வலியும் குமட்டலும் கடுமையாக இருந்தவர்களுக்குத் தாமதமும் அதிகமாக இருந்தது. அடுத்த ஆண்டு அவரே, இரைப்பையின் அசைவைத் தூண்டும் மெட்டோகுளோபிரமைடை முதலில் கொடுத்து அதன்பின் ஆஸ்பிரின் கொடுத்தபோது, உறிஞ்சும் வேகம் மீண்டதைக் காட்டினார்.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வோலன்ஸ் கொடுத்தது முன்பே கரைந்துவிட்ட மருந்து. அதுவே தடுமாறியது. ஆகவே கரையும் மாத்திரை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது பாதி உண்மைதான். கரைப்பது ஒரு தாமதத்தை நீக்குகிறது. வயிறு மந்தமாகும் முன்பே குடித்துவிடுவதுதான் இன்னொரு தாமதத்தை நீக்கும்.

முதல் தாமதத்தை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் கரையும் மாத்திரைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று பொங்கும் வகை. இதில் மருந்தோடு சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்திருக்கும். உலர்ந்திருக்கும்வரை இரண்டும் சும்மா இருக்கும், தண்ணீர் பட்டதும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைக் கிளப்பும். மாத்திரையைக் குமிழிகள் உடைத்துவிடுகின்றன. அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் நடக்கிறது. ஆஸ்பிரின் ஓர் அமிலம், வெறும் நீரில் எளிதில் கரையாது. பைகார்பனேட் அதை எளிதில் கரையும் உப்பாக மாற்றுகிறது, இரைப்பையின் புளிப்பையும் குறைக்கிறது. புளிப்பு குறைந்த திரவத்தை இரைப்பை விரைவாக வெளியே அனுப்பும்.

இரண்டாவது வகை, நீரில் உதிர்ந்து கலங்கும் மாத்திரை. அட்டையில் டிஸ்பெர்சிபிள் என்றோ டி.டி. என்றோ இருக்கும். இது மூன்று நிமிடத்துக்குள் தண்ணீரில் உதிர்ந்துவிட வேண்டும் என்பது மருந்துத் தர விதி. உதிர்ந்தாலும் அதில் பெரும்பகுதி நுண்துகளாகவே மிதக்கும். முழுதாகக் கரைந்ததற்கு இது ஈடாகாது, ஆனால் முழு மாத்திரையைவிட நல்லது. கலக்கிய உடனே குடிக்க வேண்டும். அடியில் தங்கியதை இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிக் குடித்தால்தான் முழு அளவும் உள்ளே போகும்.

இதனால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? பாராசிட்டமாலில் அளந்திருக்கிறார்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு, சாதாரண மாத்திரையில் ரத்தத்தில் மருந்து உச்சத்தை எட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால், பொங்கும் மாத்திரையில் அது அரை மணிக்குள் நடந்துவிடுகிறது. வேறு வலியில் இந்தக் கால் மணி நேரம் பெரிதாகத் தெரியாது. மைக்ரேனில் வயிறு மணிக்கு மணி மந்தமாகிக்கொண்டே போவதால், கால் மணிக்கும் மதிப்பு உண்டு.

ரத்தத்தில் சீக்கிரம் ஏறினால் வலியும் சீக்கிரம் குறையுமா என்பது அடுத்த கேள்வி. ஒரே மருந்தை, ஒரே அளவில், இரண்டு வடிவத்தில் கொடுத்து ஒப்பிட்டால்தான் இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். அப்படிப்பட்ட ஆய்வு ஒன்றை ஜெர்மனியின் ஹான்ஸ்-கிறிஸ்டோஃப் டீனர் குழு 2006-இல் வெளியிட்டது. டைக்லோஃபெனாக் பொட்டாசியம் 50 மில்லிகிராமை நீரில் கரைக்கும் பொடியாகவும், விழுங்கும் மாத்திரையாகவும், மருந்தில்லாப் போலி மருந்தாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி முற்றிலும் போனவர்கள் பொடியில் 24.7 சதவீதம், மாத்திரையில் 18.5 சதவீதம், போலி மருந்தில் 11.7 சதவீதம். பொடி குடித்தவர்களுக்கு வலி குறையத் தொடங்கியதும் முன்னதாகவே. மருந்து ஒன்றுதான், மில்லிகிராமும் ஒன்றுதான், வேறுபாடு வடிவத்தில் மட்டும். அது பெரிய வேறுபாடல்ல, ஆனால் உண்மையான வேறுபாடு. கரையும் மருந்து குடித்தவர்களிலும் நான்கில் மூன்று பேருக்கு இரண்டு மணி நேரத்தில் வலி முழுதாகப் போகவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாயில் வைத்ததும் கரையும் மாத்திரைகள் உண்டு, அட்டையில் எம்.டி. என்று இருக்கும். மைக்ரேனுக்கென்றே வந்த டிரிப்டான் வகை மருந்துகளில் ரைசாடிரிப்டான் இப்படிக் கிடைக்கிறது. நாக்கில் கரைந்து நேரே ரத்தத்தில் போய்விடும் என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. கரைந்ததை எச்சிலோடு விழுங்கிய பிறகு, அதுவும் சிறுகுடலுக்குப் போய்த்தான் சேர வேண்டும். ரைசாடிரிப்டானில் வாயில் கரையும் வடிவம் சாதாரண மாத்திரையைவிடச் சற்றுத் தாமதமாகவே உச்சத்தை எட்டுகிறது. தண்ணீர் கிடைக்காத இடத்தில் அது வசதி. வேகத்தை எதிர்பார்த்து அதை வாங்க வேண்டாம்.

இனி இரண்டாவது தாமதம், அதாவது நாமாகத் தள்ளிப்போடுவது. இதில் வயிறு மட்டுமல்ல, மூளையும் சம்பந்தப்பட்டிருக்கிறது. தாக்குதலின் தொடக்கத்தில், மூளையைப் போர்த்திய சவ்வின் ரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள நரம்புகள் தூண்டப்படுகின்றன. அந்தத் தூண்டல் நீடித்தால், செய்தியை வாங்கும் மூளைத்தண்டின் நரம்பணுக்கள் தாமாகவே உசுப்பப்பட்ட நிலைக்குப் போய்விடுகின்றன. பிறகு வெளியிலிருந்து தூண்டல் குறைந்தாலும் அவை அடங்குவதில்லை. இந்த மாற்றத்தை நோயாளியே உணர முடியும். சீப்பு பட்டால் தலைமயிர் வலிக்கும். கொண்டையும் கம்மலும் கண்ணாடியும் பாரமாகும். வலிக்கும் பக்கம் தலையணையில் சாய முடியாது. சாதாரணத் தொடுகையே வலியாகும் இந்த நிலை வந்துவிட்டால், மருந்துக்கான நல்ல நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

பாஸ்டனில் ராமி பர்ஸ்டீன் குழு இதை டிரிப்டான் மருந்துகளில் சோதித்து 2004-இல் எழுதியது. தொட்டாலே வலிக்கும் இந்தத் தோல்வலி தொடங்கும் முன் மருந்து எடுத்த தாக்குதல்களில் 93 சதவீதம் இரண்டு மணி நேரத்துக்குள் வலியின்றி முடிந்தன. தோல்வலி வந்தபின் எடுத்தவற்றில் 15 சதவீதம்தான் அப்படி முடிந்தன. சிறிய ஆய்வு அது, எண்களை அப்படியே நம் வீட்டுக்கு எதிர்பார்க்க முடியாது. ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் வகை வலிநிவாரணிகளுக்கு அந்த நல்ல நேரம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. தாமதமாக வந்தவர்களுக்கு அதே குடும்பத்து கீட்டோரோலாக்கை நரம்பு ஊசியாகக் கொடுத்தபோது பலருக்கு வலி அடங்கியது. ஆனால் அது வயிற்றைத் தவிர்த்து நேரே ரத்தத்தில் போன மருந்து. வாய்வழி மாத்திரைக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது.

ஒரு காலைப்பொழுதை மணிக்கணக்கில் எடுத்துப் பார்ப்போம். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூர் துணி ஆலைக்குப் போகும் பெண் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணிக்கு எழுந்தவர். ஆறரைக்கு ரயிலில் பிடரி இறுகுகிறது, கொட்டாவி கொட்டாவியாக வருகிறது. ஏழு மணிக்கு வலது நெற்றிப்பொட்டில் மெல்லிய வலி. "டீ குடிச்சா போயிடும்" என்று இருந்துவிடுகிறார். ஒன்பது மணிக்கு இயந்திரத்தின் முன் உட்காரும்போது வலி துடிக்கிறது, குழல்விளக்கைப் பார்க்க முடியவில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லத் தயங்கிப் பத்து மணிவரை தாங்குகிறார். பிறகு பர்ஸில் இருந்த ஒரு மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்குகிறார். பதினொன்றரைக்கு வாந்தி. மதியம் அரைநாள் விடுப்பு, சம்பளத்தில் பிடித்தம்.

இதில் மூன்று பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன. வயிறு இயங்கிக்கொண்டிருந்த ஏழு மணியை விட்டுவிட்டு, அது மந்தமாகிவிட்ட பத்து மணியில் மருந்து போனது. போன மருந்தும் முழு மாத்திரையாக, ஒரே மிடறு தண்ணீரோடு போனது. மூன்றாவது பிழையைப் பலரும் கவனிப்பதில்லை: அளவும் போதாது. மைக்ரேனில் ஆஸ்பிரினைச் சோதித்த ஆய்வுகள் பெரும்பாலும் 900 முதல் 1000 மில்லிகிராம் கொடுத்தவை. நம் கடைகளில் கிடைக்கும் கரையும் ஆஸ்பிரின் மாத்திரையில் 325 மில்லிகிராம் இருந்தால், ஒன்று என்பது மூன்றில் ஒரு பங்குதான். பாராசிட்டமால் என்றால் 1000, ஐபுப்ரோஃபென் என்றால் 400 மில்லிகிராம் என்பதே பெரியவர்களுக்கான வழக்கமான அளவு.

அதே பெண் ஏழு மணிக்கே, தன் மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்தபடி, 325 மில்லிகிராம் கரையும் ஆஸ்பிரின் மூன்றை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்திருந்தால்? கூடவே இரண்டு பிஸ்கட்டும் தின்றிருந்தால்? ஏழரை மணிவாக்கில் ரத்தத்தில் மருந்து நன்றாக ஏறியிருக்கும். வலி முளைக்கும் கட்டத்திலேயே மருந்து போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்பது மணிக்கு வலி அறவே இருக்காது என்று யாரும் உறுதி தர முடியாது. வேலையில் உட்காரும் அளவுக்கு அடங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. குமட்டல் எப்போதும் வருகிறவர் என்றால், மருத்துவர் டோம்பெரிடோனோ மெட்டோகுளோபிரமைடோ 10 மில்லிகிராம் சேர்த்து எழுதுவார். அது வாந்தியை நிறுத்துவதோடு கீழ்வாயையும் திறந்துவிடுகிறது. 1995-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், 900 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கு இணையான கரையும் மருந்தோடு மெட்டோகுளோபிரமைடு சேர்த்துக் கொடுத்தபோது 57 சதவீதம் பேருக்கு வலி தணிந்தது. விலை கூடிய சுமாடிரிப்டான் 100 மில்லிகிராமில் 53 சதவீதம், போலி மருந்தில் 24 சதவீதம். பழைய, மலிவான கூட்டணி புதிய மருந்துக்குச் சற்றும் சளைக்கவில்லை.

ஓடும் ரயிலில் மாத்திரை கரைப்பதில் சில நடைமுறைகள் உண்டு. பொங்கும் மாத்திரையைத் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகக் கூடாது, வாயு அழுத்தத்தில் மூடி தெறிக்கும். ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளர் பையில் இருந்தால் போதும். நுரை அடங்கியபின் குடிக்க வேண்டும், பொங்கும்போதே குடித்தால் ஏப்பமும் குமட்டலும் கூடும். மாத்திரையை உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்துக் காகிதத்தில் மடித்து வைக்கக் கூடாது. காற்றின் ஈரத்திலேயே அது வினைபுரிந்து சத்திழந்துவிடும். தண்ணீரில் போட்டும் பொங்காத, உப்பிய, புள்ளி விழுந்த மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.

மருந்துக் கடையில் "தலைவலி மாத்திரை ரெண்டு குடுங்கண்ணா" என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்து இரண்டு கிடைக்கும். பெயரும் அளவும் மீதி அட்டையிலேயே நின்றுவிடும். பெயர் தெரியாத மாத்திரையை மூன்றாகக் கூட்டிப் போடுவது ஆபத்து. பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி முழு அட்டையாகவே வாங்குங்கள். வீட்டில் பெரியவர்களின் இதயத்துக்காக வைத்திருக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினை அவசரத்துக்கு எடுப்பவர்களும் உண்டு. அளவு மிகக் குறைவு என்பதோடு, அதில் பல வகைகளின் மேல் வயிற்றில் கரையாமலிருக்கப் பூச்சு பூசியிருக்கிறார்கள். குடலுக்குப் போனபின்தான் கரையத் தொடங்கும். அவசரத்துக்கு அதைவிடப் பொருந்தாத வடிவம் இல்லை.

யாருக்கு இந்த மருந்துகள் ஆகாது என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். குடற்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், வலிமாத்திரையால் மூச்சிரைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், 16 வயதுக்குட்பட்டவர்கள் ஆஸ்பிரினைத் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு, அதுவும் மழைக்காலத்தில், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் கூடவே கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைத் தூண்டும். டோம்பெரிடோனும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. பொங்கும் மாத்திரையில் உப்பும் உண்டு. பொங்கும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரைகள் பலவற்றில் ஒன்றுக்குச் சுமார் 400 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. இரண்டு குடித்தால் 800. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சம் 2000. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உதிர்ந்து கலங்கும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

சீக்கிரம் எடுங்கள் என்ற அறிவுரை ஒரு இடத்தில் நம்மைக் கெடுத்துவிடும். தலை லேசாகக் கனத்தாலே மாத்திரை என்று பழகினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையும் பல மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு இது நடக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என்ற வரம்பைப் பல மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். எனவே வருவது மைக்ரேன்தானா என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். வலி வரும்போது வெளிச்சம் பிடிக்கவில்லையா, குமட்டுகிறதா, வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறதா? இந்த மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். திடீரென்று இடி விழுந்தாற்போல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, கழுத்து விறைப்பு, கைகால் வலுவிழப்பு, 50 வயதுக்குமேல் முதன்முதலாக வரும் தலைவலி ஆகியவற்றுக்குக் கரையும் மாத்திரை பதிலல்ல. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தங்கவயலின் பழைய லைன் வீடுகளை நினைக்கும்போது மருந்தைச் சீக்கிரம் எடுப்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மைக்ரேனுக்கு எல்லாரும் சொல்லும் முதல் வைத்தியம், இருட்டான அமைதியான அறையில் படுத்துவிடுவது. சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய அந்த நெருக்கமான வரிசை வீடுகளில், ஒரே அறையில் சமையலும் படிப்பும் தூக்கமும் நடக்கும்போது, இருட்டறைக்கு எங்கே போவது? ரயில் பெட்டியில் அந்த ஓர் அறையும் இல்லை. அவர்கள் கையில் மிஞ்சியிருப்பது வலி தொடங்கும் அந்த முதல் அரை மணி நேரம்தான்.

மாதத்தில் நான்கு நாளுக்குமேல் வலி வருகிறவர்கள், வந்தபின் மாத்திரை தேடுவதோடு நிற்காமல், வராமல் தடுக்கும் தினசரி மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். போகும்போது ஒரு சின்ன நோட்டில், ஒவ்வொரு தாக்குதலுக்கும் வலி தொடங்கிய மணி, மாத்திரை எடுத்த மணி, அதன் பெயரும் மில்லிகிராமும், இரண்டு மணி நேரம் கழித்து வலி எப்படியிருந்தது என்று குறித்துக்கொண்டு போங்கள். முதல் இரண்டு மணிகளுக்கும் நடுவே மூன்று மணி நேரம் இடைவெளி இருந்தால், மருத்துவர் மாத்திரையை மாற்றும் முன் அந்த இடைவெளியைத்தான் முதலில் குறைக்கச் சொல்வார்.